பதின்மூன்று குறிப்புகளில் இருந்து ஒரு பந்தி: ஒரு கருத்தரங்குக் கட்டுரை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் புவியியல் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் தொடர்பான பதிவு இது. பருவ இறுதியில் ஒவ்வொருவரும் ஒரு கருத்தரங்குக் கட்டுரை எழுதி, விரிவுரையாளர் மூவர் முன்னால் அதை வாசித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட விடயம், சுனாமிக்குப் பின்னரான மீள்குடியேற்றமும் நாவலடி மீனவரும். நான் அந்தத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. எழுத்துத் திறன் வகுப்பு எடுப்பவள் என்பதால், கட்டுரை "ஓடவில்லை" என்று சொல்லி அவரை அவருடைய மேற்பார்வையாளர் என்னிடம் அனுப்பினார்.

அவர் சோம்பலான மாணவி இல்லை. நூலகத்தில் இருந்து அறிக்கைகளைப் போட்டோகொப்பி எடுத்திருந்தார், களத்துக்கும் போய் வந்திருந்தார். வாசித்ததையும் கேட்டதையும் கொப்பியில் புள்ளி போட்டு எழுதியிருந்தார். சிக்கல் கட்டுரையின் மூன்றாம் பகுதியில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு கடற்கரையை ஒட்டி வீடுகளை மீளக் கட்டத் தடை செய்யப்பட்ட இடைவெளி வலயம் பற்றி அவருடைய சொந்த வாதம் வர வேண்டிய இடம் அது. அங்கே ஒரு பந்தி போதும். அந்த ஒரு பந்தியைத்தான் அவரால் எழுத முடியவில்லை.

கையில் இருந்த குறிப்புகள்

கொப்பியில் இருந்தபடியே, அதே வரிசையில் கீழே தருகிறேன்.

- 2004 மார்கழி 26, சுனாமி
- நாவலடி: ஒடுங்கின மணல் நிலம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. சேதம் மிக அதிகம்
- 2005 இடைவெளி வலயம்: தெற்கு, மேற்கு 100 மீ, வடக்கு, கிழக்கு 200 மீ
- ஏன் கிழக்குக்கு 200?
- 1981 கரையோரப் பாதுகாப்புச் சட்டம், 300 மீ
- வலயத்துக்கு வெளியே: முழுச் சேத வீட்டுக்கு 250,000 ரூபா, சொந்தக் காணியில் கட்டலாம். உள்ளே: காசு இல்லை, வேறிடத்தில் கட்டின வீடு
- திராய்மடு
- மக்கள் விரும்பவில்லை
- கரைவலை
- ஹோட்டல்களுக்கு அனுமதி??
- வாடி கட்டி இருக்கிறார்கள்
- 2005 கடைசி, 2006: தளர்வு
- பாதுகாப்பா தொழிலா?

குறிப்பு என்ற அளவில் இவை மோசமில்லை. எழுதும்போது அவருக்கு எல்லாம் விளங்கித்தான் இருந்தது. "கரைவலை" என்று ஒற்றைச் சொல்லை எழுதிய அன்று, அதன் பின்னால் ஒரு முழு உரையாடல் அவர் மனதில் இருந்திருக்கும். கொப்பியில் தங்கியது சொல் மட்டும்தான்.

முதல் வரைவில் கண்டது

அவர் என்னிடம் கொண்டுவந்த பந்தி இது.

"2004 மார்கழி 26 இல் ஏற்பட்ட சுனாமியால் நாவலடி பெரிதும் பாதிக்கப்பட்டது. மேலும் 2005 இல் அரசாங்கம் கிழக்கில் 200 மீற்றர் இடைவெளி வலயத்தை அறிவித்தது. அத்துடன் வலயத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு 250,000 ரூபா வழங்கப்பட்டது. மேலும் மக்கள் திராய்மடுவில் குடியேற்றப்பட்டனர். அவர்கள் இதை விரும்பவில்லை. அத்துடன் கரைவலைத் தொழிலும் பாதிக்கப்பட்டது. எனவே மீள்குடியேற்றம் பல சவால்களை எதிர்கொண்டது எனலாம்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. வாசிக்கவும் இலகு. நான் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மூன்றாவது வாக்கியத்தையும் ஆறாவதையும் இடம் மாற்றி வாசித்துக் காட்டினேன்.

"வித்தியாசம் ஏதும் தெரிஞ்சதா?"

"இல்லை மிஸ். அப்படியேதானே வாசிச்சீங்க?"

மாணவர் வரைவுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வாதம் உள்ள பந்தியில் ஒரு வாக்கியத்தைப் பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் எங்கோ இடிக்கும், ஏனென்றால் பின்னால் வருவது முன்னால் சொன்னதன் மேல் நிற்கிறது. இங்கே எதுவும் எதன் மேலும் நிற்கவில்லை. ஏழு வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அவ்வளவுதான். கடைசியில் வந்த "எனவே"க்கும் பிடிமானம் இல்லை. "பல சவால்கள்" என்ற முடிவை உலகில் எந்த மீள்குடியேற்றத்துக்கும் ஒட்டி விடலாம்.

புள்ளிக் குறிப்பின் சுபாவமே இது. அது தகவலைப் பிடித்து வைக்கும், தகவலுக்கும் தகவலுக்கும் நடுவே உள்ள "ஏன்" என்பதைப் பிடித்து வைக்காது. பந்தி எழுதும்போது கொப்பியில் இருப்பதை மட்டும் வாக்கியமாக்கினால், இல்லாதது இல்லாமலேதான் போகும். அந்த வெற்றிடத்தை மூடத்தான் "மேலும்", "அத்துடன்" எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அந்த வரைவைத் திருத்துவதில்லை என்பது. இணைப்புச் சொற்களை மட்டும் மாற்றினால் பந்தி மினுங்கும், உள்ளே ஒன்றும் மாறாது. ஆகவே வரைவை ஒதுக்கி வைத்துவிட்டுக் குறிப்புகளுக்குத் திரும்பினோம். பழைய தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனித் துண்டாக எழுதி மேசையில் பரப்பினார். தலைப்பு வாரியாக அடுக்கப் போனவரைத் தடுத்து, ஒவ்வொரு துண்டும் என்ன வேலை செய்கிறது என்று கேட்டேன். இது நடந்த ஒன்றா, யாரோ சொன்ன கருத்தா, காரணமா, கேள்வியா?

அப்படிப் பார்த்தபோது பெரும்பாலானவை நடந்தவை. மூன்று கேள்விகள். கருத்து ஒன்று, "மக்கள் விரும்பவில்லை". காரணம் என்று ஒன்றுகூட இல்லை. இதை அவரே எண்ணிச் சொன்னார்.

அடுத்து, பந்திக்கு ஒரு நிலைப்பாடு வேண்டும். கடைசித் துண்டில் இருந்த "பாதுகாப்பா தொழிலா?" என்பதை எடுத்து நடுவில் வைத்தோம். கொப்பியில் அலட்சியமாகக் கடைசியில் கிடந்தாலும், மற்ற எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கக்கூடியது அது ஒன்றுதான். அதற்கு அவருடைய பதில் என்ன என்று கேட்டேன். யோசிக்காமலே சொன்னார்: "வலயம் போட்டது பிழை மிஸ். தொழிலைக் கெடுத்துப்போட்டுது."

சரி, அப்படியே எழுதலாம் என்று தொடங்கியபோதுதான் இரண்டாவது துண்டு குறுக்கே வந்தது. நாவலடி ஒடுங்கிய மணல் நிலம், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. இதை அவர் இடத்தை அறிமுகம் செய்யும் வரியாக முதல் வரைவில் "பெரிதும் பாதிக்கப்பட்டது" என்பதற்குள் கரைத்துவிட்டிருந்தார். ஆனால் அது வெறும் அறிமுகம் இல்லை. வேறோர் ஊரில் கடலை விட்டு 200 மீற்றர் தள்ளிப்போனால் உள்நாட்டுப் பக்கம் போகலாம். நாவலடியில் கடலை விட்டுத் தள்ளிப்போனால் களப்பு வந்துவிடும். பின்வாங்க நிலம் இல்லாத இடத்தில், குடியிருப்பை அங்கிருந்து எடுப்பதற்கு உண்மையான நியாயம் உண்டு. அதாவது அவருடைய வாதத்துக்கு எதிரான வலுவான சான்று அவருடைய கொப்பியிலேயே இரண்டாவது வரியாக இருந்தது.

இதில் அதிக நேரம் செலவானது. அவருக்கு அந்தத் துண்டை ஒளிக்கத்தான் விருப்பம். "இதைப் போட்டா என்ட கதை விழுந்திடுமே" என்றார். விழாது, ஆனால் மாற வேண்டும் என்றேன். கேட்கும் மூவரில் ஒருவராவது நாவலடியைப் பார்த்திருப்பார். அவர் கேட்பதற்கு முன்னால் கட்டுரையே சொல்லிவிடுவது நல்லது. அதைவிட முக்கியமானது, இந்த எதிர்ச்சான்றை ஏற்றுக்கொண்ட பிறகு என்ன மிஞ்சுகிறது என்பது. வலயம் பிழை என்பது மிஞ்சாது. வலயம் படுத்துறங்கும் இடத்தை மட்டும் பார்த்தது, வேலை செய்யும் இடத்தைப் பார்க்கவில்லை என்பது மிஞ்சும். இது முதல் நிலைப்பாட்டைவிடச் சிறியது. ஆனால் நிறுவக் கூடியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே அந்தச் சிறிய வாக்கியத்தை எழுதினார்.

அப்புறம் காரணம். கரைவலைக்கு வீடு ஏன் கரையில் இருக்க வேண்டும்? எட்டத்தில் இருந்து சைக்கிளிலோ ஓட்டோவிலோ வந்தால் என்ன? இந்தக் கேள்விக்கு கொப்பியில் பதில் இல்லை, அவரிடமும் உடனே இல்லை. முன்பு பேசிய இரண்டு கரைவலைத் தொழிலாளரிடம் திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். அவர்கள் சொன்னது எளிய விடயம். தோணியில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுக்க வேண்டும். அதற்குப் பல ஆட்கள் தேவை. மீன் எப்போது கரையை அண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கண்டவர் குரல் கொடுக்கும்போது ஆட்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தால் வலை போகும். களப்புக்கு அப்பால் உள்ள திராய்மடுவில் இருந்து கல்லடிப் பாலத்தைச் சுற்றி வந்து சேரும் வரை மீன் காத்திருக்காது. தோணியும் வலையும் இரவில் கரையில் கிடப்பதால் காவலும் வேண்டும்.

இந்தச் சில வாக்கியங்கள்தான் முழுப் பந்தியின் முதுகெலும்பு. பதின்மூன்று குறிப்புகளில் எதிலும் இவை இல்லை.

"மக்கள் விரும்பவில்லை" என்ற துண்டு வேறு வகையில் சிக்கல் தந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். அறிக்கையிலா, களத்திலா? களத்தில், அந்த இருவரில் ஒருவர். அவரும் திராய்மடு வீட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை, தொழிலுக்குத் தூரம் என்றுதான் சொல்லியிருக்கிறார். குறிப்பாகச் சுருங்கும்போது ஒருவர் "மக்கள்" ஆகிவிட்டார், தூரம் என்ற முறைப்பாடு விருப்பமின்மை ஆகிவிட்டது. பழைய கொப்பிக் குறிப்பை நம்பி எழுதும்போது இது அடிக்கடி நடக்கும். சுருக்கும்போது முதலில் உதிர்வது யார், எத்தனை பேர், எவ்வளவு உறுதியாக என்பவைதான். பந்தியில் அவர்கள் "நான் பேசிய இரு தொழிலாளர்" ஆனார்கள்.

விட்டவை

1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 300 மீற்றர் கரையோர வலயம் உண்மைதான். ஆனால் அது கரையோர வேலைகளுக்கு அனுமதி பெறுவது பற்றியது, இந்தப் பந்தியில் இன்னொரு எண்ணாகக் குழப்பம்தான் தரும். கட்டுரையின் இரண்டாம் பகுதிக்கு அனுப்பினோம். ஹோட்டல் பற்றிய குறிப்பில் இரண்டு கேள்விக்குறிகள் இருந்தன, மூலம் இல்லை. வெட்டினோம். அவருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல், ஏனென்றால் ஆகச் சூடான குறிப்பு அதுதான். "ஏன் கிழக்குக்கு 200?" என்பது நல்ல கேள்வி, வேறு கட்டுரைக்கானது.

தளர்வு பற்றிய துண்டில்தான் தயங்கினோம். 2005 இறுதியில் வலயத்தைத் தளர்த்தத் தொடங்கி, 2006 இல் இடத்துக்கு இடம் மாறும் எல்லைகளுக்கு வந்தார்கள். இது வாதத்தைத் தொடும் விடயம். ஆனால் ஒரு பந்தியில் ஒரு திருப்பம்தான் தாங்கும். எதிர்ச்சான்றை ஏற்கும் திருப்பம் ஏற்கெனவே இருந்ததால், இதை அடுத்த பந்திக்கு என்று ஒதுக்கி வைத்தோம்.

எழுதி முடித்த பந்தி

வரிசை பற்றிப் பெரிய விவாதம் இருக்கவில்லை. நிலைப்பாடு, வலயம் எதை அளந்தது என்பது, அதில் இருந்த நியாயம், அந்த நியாயம் எங்கே முடிகிறது, காரணம், பணம் பற்றிய சான்று, கரையில் கட்டிய குடிலான வாடி. துண்டுகளை அப்படி வைத்தபோது ஒவ்வொன்றும் அடுத்ததைக் கேட்டது. வாக்கியங்கள் மாணவியுடையவை. இரண்டு இடத்தில் மட்டும் நீண்ட வாக்கியத்தை உடைக்கச் சொன்னேன்.

"சுனாமிக்குப் பின்னரான இடைவெளி வலயம் நாவலடி மக்கள் உறங்கும் இடத்தைக் கருத்தில் எடுத்த அளவுக்கு அவர்கள் உழைக்கும் இடத்தைக் கருத்தில் எடுக்கவில்லை. 2005 இல் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடுகளை மீளக் கட்டுவது தடுக்கப்பட்டபோது, கடலில் இருந்தான தூரமே ஆபத்தின் அளவாகக் கொள்ளப்பட்டது. நாவலடியில் இந்த முடிவுக்கு நியாயம் இருந்தது. கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்த மணல் நிலத்தில் பின்வாங்க இடம் இல்லை என்பதால், குடியிருப்பைத் திராய்மடுவுக்கு மாற்றியதைத் தவறு என்று கூறுவது கடினம். ஆனால் உயிருக்குப் பாதுகாப்பான அதே தூரம் கரைவலைத் தொழிலுக்குத் தடையாகியது. மீன் கரையை அண்டும் நேரத்தை முன்கூட்டி அறிய முடியாததால், வலை இழுக்கும் ஆட்கள் கூப்பிடு தூரத்தில் இருப்பது இத்தொழிலின் அடிப்படைத் தேவை. வீடு களப்புக்கு அப்பால் சென்றபோது இந்தத் தேவை நிறைவேறவில்லை. வலயத்துக்கு வெளியே வீட்டை முற்றாக இழந்தவர் 250,000 ரூபா பெற்றுத் தன் காணியிலேயே, தொழிலுக்கு அருகில், மீளக் கட்ட முடிந்தது. வலயத்துக்குள் இருந்தவருக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. ஆகவே நான் பேசிய இரு தொழிலாளர் திராய்மடு வீட்டை வைத்துக்கொண்டே கரையில் வாடி கட்டி இரவு தங்குவது, மீள்குடியேற்றம் கவனிக்காமல் விட்ட தொழிலிடத்தை அவர்களே தேடிக்கொள்வதாகும்."

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனையை இதிலும் செய்தோம். "ஆனால் உயிருக்குப் பாதுகாப்பான" என்ற வாக்கியத்தை மூன்று இடம் மேலே நகர்த்தியதுமே "அதே தூரம்" எதைச் சுட்டுகிறது என்று தெரியாமல் போனது. பணம் பற்றிய வாக்கியத்தைக் காரணத்துக்கு முன்னால் வைத்தால் அது வெறும் உதவித்தொகை விபரமாகச் சுருங்கியது. "மேலும்" ஓர் இடத்திலும் தேவைப்படவில்லை. யாரும் அதைத் தடை செய்யவில்லை, வருவதற்கு இடம் இருக்கவில்லை.

பலவீனம் ஒன்றும் இருந்தது, அதை இருவரும் அறிந்தே விட்டோம். பந்தியின் கடைசிச் சான்று இரண்டு பேரில் நிற்கிறது. இரண்டு பேரை வைத்து ஊர் முழுக்கப் பேச முடியாது. இரண்டு பேர் என்று வெளிப்படையாகச் சொன்னதால் பொய் இல்லை, அவ்வளவுதான்.

பின்னர் நடந்தது

கருத்தரங்கில் கேள்வி இந்தப் பந்தியைச் சுற்றியே வந்தது. முதல் வரைவை வாசித்திருந்தால் கேட்பதற்கே ஒன்றும் இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். நாவலடியின் ஒடுக்கம் பற்றிக் கேட்கத் தயாராக இருந்த விரிவுரையாளர், கட்டுரையே அதைச் சொல்லிவிட்டதால் வேறு பக்கம் போனார். "2006 அளவில் எல்லை தளர்ந்ததே, உங்கள் வாதம் அதற்குப் பிறகும் நிற்குமா?" என்று கேட்டார்.

ஒதுக்கி வைத்த துண்டேதான். மாணவிக்குத் தளர்வு பற்றித் தெரியும், ஆண்டுகளைச் சரியாகச் சொன்னார். ஆனால் தளர்வு வந்தபோது நாவலடிக் குடும்பங்களுக்கு வேறு வீடு எந்த அளவுக்குக் கிடைத்திருந்தது என்பதற்கு அவர் கையில் சான்று இல்லை. ஊகித்துப் பதில் சொல்லாமல், அதைப் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். குழு கட்டுரையை ஏற்று, அந்த ஓர் இடத்தை விரித்து எழுதித் தரும்படி சொன்னது. இன்னொருவர், இரண்டு பேர் போதாது, இன்னும் சிலரிடம் பேசுங்கள் என்றார். இரண்டும் நியாயமானவை.

திருத்திய கட்டுரை பின்னர் என் கைக்கு வந்தது. தளர்வு பற்றிய புதிய பந்தி நன்றாக இருந்தது. ஆனால் திராய்மடுவின் வசதிகள் பற்றி அதற்கு அடுத்து வந்த பந்தி பழையபடி "மேலும்", "அத்துடன்" என்று ஓடியது. கேட்டபோது, "அது விபரம்தானே மிஸ், வாதம் இல்லையே" என்றார். பாதி சரி. விபரப் பந்திக்கு அடுக்கு இருந்தால் போதும், இவ்வளவு பாடு தேவையில்லை. ஆனால் அந்தப் பந்தியின் கடைசி வரியில் வசதிகள் போதாது என்று ஒரு தீர்ப்பும் இருந்தது. தீர்ப்பு வந்துவிட்டால் காரணமும் வந்தாக வேண்டும். அதை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

இனி மாற்றிச் செய்யக்கூடியவை

துண்டுத் தாள் வேலை பலன் தந்தது, ஆனால் அது நடந்த நேரம் பிந்தியது. கரைவலை பற்றிய கேள்வி களத்துக்குப் போவதற்கு முன்பே எழுந்திருந்தால், இரண்டாவது பயணமே தேவைப்பட்டிருக்காது. அதே நாளில் இன்னும் நாலு பேரிடம் கேட்டிருக்கலாம். இப்போது களத்துக்குப் போக இருக்கும் மாணவர்களிடம், புறப்படும் முன்னரே குறிப்புகளைப் பரப்பி, காரணம் இல்லாத இடங்களைக் கேள்வியாக எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன்.

குறிப்பு எழுதும் விதத்திலும் சிறு மாற்றம். கொப்பிப் பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, யார் சொன்னது, எந்தப் பக்கம், எத்தனை பேர் என்பதை அங்கே அன்றைக்கே எழுத வேண்டும். "மக்கள் விரும்பவில்லை" என்பதற்குப் பக்கத்தில் "ஒருவர், தூரம் என்றார்" என்று மூன்று சொல் இருந்திருந்தால் போதும். குறிப்பு ஒற்றைச் சொல்லாக இருந்தால் அந்த வாரமே அதை ஒரு முழு வாக்கியமாக்கி விடச் சொல்கிறேன். பெரும்பாலானோர் செய்வதில்லை.

தளர்வுக் குறிப்பை அடுத்த பந்திக்கு ஒதுக்கிய முடிவை மறுபடியும் அப்படியே எடுப்பேன். ஆனால் ஒதுக்கிய துண்டுகளுக்கென ஒரு தனித்தாள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் "கேட்டால் என்ன பதில்" என்று ஒரு வரி எழுதி வைக்கச் செய்திருப்பேன். பந்தியில் இருந்து வெளியே போன துண்டு பேச்சில் இருந்தும் போய்விடுவதில்லை. குழு கேட்கப்போவது பெரும்பாலும் அவற்றைத்தான்.